விட்ட இடம் யாருக்குத் தெரியும்?

உபுண்டு 22.04.5 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் டெஸ்க்டாப் பதிப்பு ஒரே ஃபைலாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அளவு சுமார் 476 கோடி பைட். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர் ஆறரை நிமிடத்தில் அதை இறக்கிவிடலாம். அதே ஃபைலை, சிக்னல் இரண்டு கோடு காட்டும் ஊரில், ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து இறக்குபவரின் கணக்கு வேறு. விநாடிக்கு 2 மெகாபிட் சீராகக் கிடைத்தாலே ஐந்தேகால் மணி நேரம் ஆகும். அந்த 'சீராக' என்பதுதான் அவருக்குக் கிடைக்காது.

இன்னொரு தடையும் உண்டு. நம்மூர் ப்ரீபெய்டு திட்டங்களில் பல, நாளுக்கு 1.5 ஜிபி என்று அளந்து கொடுப்பவை. அது தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி கூட இறங்காது. ஆகவே இந்த ஃபைலை முழுதாகப் பெற, சிக்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூன்று நான்கு நாள் தேவை. நடுவில் லேப்டாப் மூடப்படும், கரண்ட் போகும், ஃபோனில் அழைப்பு வரும். டவுன்லோடு நிற்காமல் முடிய வழியே இல்லை. நின்றபின் 310 கோடி பைட்டிலிருந்து தொடருமா, பூஜ்யத்திலிருந்து தொடங்குமா என்பதுதான் விஷயம்.

பிரவுசரிலேயே இறக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு அனுபவமும் இருக்கும். ஒரு நாள் 'ரெஸ்யூம்' பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இன்னொரு நாள் அதே பொத்தான் கூசாமல் பூஜ்யத்துக்குப் போய்விடும். மூன்று நாள் டேட்டா போன எரிச்சலில் யாராவது ஒருவர் 'டவுன்லோடு மேனேஜர் போடு, எல்லாம் சரியாகிவிடும்' என்பார். அது பாதி உண்மை. மேனேஜர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், தொடர அனுமதிப்பது எதிர்முனையில் இருக்கும் சர்வர். அந்த ஏற்பாடு என்ன என்று தெரிந்துகொண்டால், எந்த ஃபைல் தொடரும், எது தொடராது என்பதை இறக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம்.

ஏற்பாடு எளிமையானது. ஃபைலில் உள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். இன்ன எண்ணிலிருந்து கொடு என்று கேட்கும் வசதியை, 1997 ஜனவரியில் வெளியான ஹெச்டிடிபி 1.1 விதிமுறையிலேயே சேர்த்துவிட்டார்கள். 56 கிலோபிட் மோடமில் 10 எம்பி ஃபைலுக்கு அரை மணி நேரம் காத்திருந்த காலம் அது. வீட்டில் யாராவது தொலைபேசியை எடுத்தாலே இணைப்பு அறுந்துவிடும். கெட்ரைட் போன்ற முதல் தலைமுறை டவுன்லோடு மேனேஜர்கள் பிரபலமானது அந்த அவஸ்தையில்தான்.

நமது உதாரணத்தில் 200 கோடி பைட் வந்தபின் இணைப்பு அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் சர்வருக்கு இப்படி ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது:

```
GET /22.04/ubuntu-22.04.5-desktop-amd64.iso HTTP/1.1
Host: releases.ubuntu.com
Range: bytes=2000000000-
```

கடைசி வரிதான் முக்கியம். 200 கோடியாவது எண்ணிலிருந்து கடைசி வரை கொடு என்கிறது அது. சர்வருக்கு இது புரிந்தால் 206 என்ற எண்ணோடு பதில் வரும். கூடவே `Content-Range` என்ற வரியில் எங்கிருந்து எங்கே வரை தருகிறேன், மொத்த அளவு எவ்வளவு என்பதையும் சொல்லும். புரியாத சர்வர், அல்லது புரிந்தும் அனுமதிக்காத சர்வர், 200 என்ற எண்ணோடு பதில் தரும். 'கேட்டாய், தருகிறேன், முதலிலிருந்து' என்று அதற்குப் பொருள். டவுன்லோடு பூஜ்யத்துக்குத் திரும்புவது பெரும்பாலும் இந்த 200-ஆல்தான். மேனேஜரைத் திட்டிப் பயனில்லை.

இதை முன்கூட்டியே சோதிக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் லினக்ஸிலும் கர்ல் என்ற சிறு நிரல் அநேகமாக ஏற்கெனவே இருக்கும். கட்டளைத் திரையைத் திறந்து இதை அடித்தால், ஃபைலை இறக்காமல் அதைப் பற்றிய விவரத்தை மட்டும் சர்வர் சொல்லும்:

```
curl -sIL https://releases.ubuntu.com/22.04/ubuntu-22.04.5-desktop-amd64.iso
```

வரும் பதிலில் மூன்று வரிகளைத் தேட வேண்டும். `Accept-Ranges: bytes` இருந்தால் துண்டாகத் தரச் சம்மதம் என்று அர்த்தம். `Content-Length` மொத்த அளவு. மூன்றாவது `ETag` அல்லது `Last-Modified`. இது ஃபைலின் அடையாளம். நேற்று பாதி இறக்கிய ஃபைலும் இன்று சர்வரில் இருக்கும் ஃபைலும் ஒன்றுதானா என்று தெரிந்துகொள்ள இந்த அடையாளம் வேண்டும். பிரவுசர்கள் இதில் கறார். அடையாளம் இல்லாவிட்டாலோ, மாறியிருந்தாலோ, குரோம் பழைய பாதியை நம்பாமல் முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பிடிவாதத்துக்கு நியாயம் இருக்கிறது. முதல் பாதி பழைய பதிப்பாகவும் இரண்டாம் பாதி புதிய பதிப்பாகவும் ஒட்டிய ஃபைலால் யாருக்கும் உபயோகம் இல்லை.

கட்டளைத் திரை வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் என்ற ஐடிஎம்மில், டவுன்லோடு ஓடும் சிறு ஜன்னலிலேயே `Resume capability` என்ற வரி இருக்கும். எதிரே `Yes` என்றால் நிம்மதி. `No` என்றால் அந்த ஃபைலை நெட் நன்றாக இருக்கும் இடத்துக்குப் போய் ஒரே மூச்சில் இறக்குவதுதான் புத்திசாலித்தனம். ஐடிஎம் காசு கொடுத்து வாங்க வேண்டியது. 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். அதை 'கிராக்' செய்து தருவதாகச் சொல்லும் தளங்களிலிருந்து எடுப்பவர்கள் கூடவே எதை எடுத்து வருகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் முழுக்க இலவசம். சாதாரணத் தேவைக்கு அதுவே போதும்.

எந்த வகை ஃபைல்கள் தொடராமல் அடம்பிடிக்கும்? கேட்ட நேரத்தில் அங்கேயே கட்டித் தரப்படுபவைதான் அநேகமாக. ஆன்லைன் சேமிப்பிடத்தில் ஒரு முழு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து 'டவுன்லோட்' கொடுத்தால், உள்ளே இருக்கும் நூறு படங்களையும் சர்வர் அந்த நிமிடமே ஒரு ஜிப்பாகக் கட்டிக்கொண்டே அனுப்பும். கட்டி முடியும் வரை மொத்த அளவு சர்வருக்கே தெரியாது. நடுவில் ஒரு எண்ணைச் சொல்லி அங்கிருந்து கொடு என்றால் அதனால் முடியாது. இதற்கு நல்ல அறிகுறி, மேனேஜரில் மொத்த அளவு காட்டாமல் இறங்கிய அளவு மட்டும் ஏறிக்கொண்டே போவது. அப்படிக் கண்டால் நிறுத்திவிட்டு, ஃபோல்டருக்குப் பதில் ஃபைல்களை ஒவ்வொன்றாக இறக்குவது நல்லது.

சர்வர் சம்மதித்துவிட்டது என்றால், பிரவுசரே போதாதா, மேனேஜர் எதற்கு? இணைப்பு எப்படிச் சாகிறது என்று பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும். வலுவற்ற இணைப்பின் பெரிய தொல்லை அறுந்துபோவது அல்ல. அறுந்ததே தெரியாமல் இருப்பது.

லேப்டாப்புக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பை அடையாளம் காட்டுபவை நான்கு எண்கள்: இரு முனைகளின் முகவரிகள், இரு முனைகளின் போர்ட் எண்கள். இதில் ஒன்று மாறினாலும் அந்த இணைப்பு கதை முடிந்தது. டவர் மாறுவதால் மட்டும் ஃபோனின் முகவரி பொதுவாக மாறாது. ஆனால் சிக்னலை முழுக்க இழந்து மறுபடி பிடித்தாலோ, ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தாலோ, வெளியுலகுக்கு ஃபோன் புதிய முகவரியோடு தெரியலாம். ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும் லேப்டாப்புக்கு இது எதுவும் தெரியாது. அதற்கும் ஃபோனுக்கும் இடையிலான வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது. சர்வர் பழைய முகவரிக்கு அனுப்பிப் பார்த்துக் கைவிட்டிருக்கும். லேப்டாப்போ, தான் எதையும் அனுப்ப வேண்டியதில்லை, வரும் பைட்டுக்குக் காத்திருப்பதுதான் வேலை என்று உட்கார்ந்திருக்கும். திரையில் பிழைச்செய்தி இல்லை. வேகம் மட்டும் 0 என்று நிற்கும்.

இந்த நிலையில் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று முடிவெடுப்பதே மேனேஜரின் முதல் வேலை. லினக்ஸ்காரர்களின் பழைய தோழனான வ்கெட், வேறெதுவும் சொல்லாவிட்டால் 900 விநாடி, அதாவது கால் மணி நேரம், பைட்டே வராமல் காத்திருக்கும். ஏரியா2 என்ற நிரல் 60 விநாடியில் சலித்துக்கொண்டு புது இணைப்பு போடும். ஓர் இரவில் இருபது முறை இப்படி ஊமையாகச் செத்தால், முதல்வகைப் பொறுமையில் ஐந்து மணி நேரம் வீண். இரண்டாம் வகையில் இருபது நிமிடம். மேனேஜர் போட்டால் 'ஸ்பீடு கூடுது' என்று பலர் சொல்வதில் கணிசமான பங்கு, வேகம் கூடியதால் அல்ல, சும்மா நின்ற நேரம் குறைந்ததால்தான்.

இரண்டாவது வேலை கணக்கு எழுதுவது. பிரவுசர் ஃபைலை முதலிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போகும் வரை, விட்ட இடம் எது என்பதற்கு ஃபைலின் நீளமே பதில். மேனேஜர்கள் அப்படிச் செய்வதில்லை. வயலை நான்காகப் பிரித்து நான்கு ஆட்களை அறுக்க விடுவதுபோல, ஃபைலை நான்கு பங்காக்கி, பங்குக்குச் சுமார் 119 கோடி பைட் வீதம் நான்கு இணைப்புகளில் ஒரே நேரத்தில் இறக்கும். எந்தப் பங்கில் எதுவரை வந்தது என்ற கணக்கைத் தனியாக எழுதிவைத்தாக வேண்டும். ஏரியா2, ஃபைலின் பெயரோடு `.aria2` என்று முடியும் சிறு ஃபைல் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து அதில் எழுதும். வழக்கமாக 60 விநாடிக்கு ஒரு முறை இந்தக் கணக்கு புதுப்பிக்கப்படும். ஆகவே திடீரென்று கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தாலும் இழப்பு கிட்டத்தட்ட ஒரு நிமிட இறக்கம்தான்.

இங்கேதான் அடிக்கடி ஒரு விபத்து நடக்கிறது. பங்கு பங்காக எழுதப்படும் ஃபைல், முழுதாக இறங்காத நிலையிலேயே ஃபோல்டரில் முழு அளவைக் காட்டக்கூடும். நான்காவது பங்கின் கடைசி பைட்டை அதற்குரிய இடத்தில் எழுதியதுமே நீளம் கடைசி வரை நீண்டுவிடும், நடுவில் வெற்றிடம் இருக்கும். '4.4 ஜிபி வந்துவிட்டது, இது என்ன குட்டி ஃபைல்' என்று `.aria2` ஃபைலை அழித்துவிட்டால் கணக்குப் புத்தகமே போய்விடும். பிறகு தொடரச் சொன்னால், நீளம் சரியாக இருக்கிறதே என்று எண்ணி, முடிந்துவிட்டதாகவே ஏரியா2 முடிவு கட்டக்கூடும். வேலை முடிந்ததும் அந்தக் குட்டி ஃபைலை அதுவே நீக்கிவிடும். அது இருக்கிறது என்றால் டவுன்லோடு முடியவில்லை என்று பொருள். அதைவிட நம்பகமான அறிகுறி வேறில்லை. ஆன்லைனில் 4.76 என்றும் ஃபோல்டரில் 4.4 என்றும் காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆயிரத்தால் வகுப்பதும் 1024-ஆல் வகுப்பதும்தான் வித்தியாசம்.

இப்போது உபுண்டு ஃபைலை ஏரியா2 வழியாக இறக்கிப் பார்க்கலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும் இலவச நிரல் அது. திரையில் பொத்தான்கள் இல்லை. கட்டளையாக அடிக்க வேண்டும். பொத்தான்கள் வேண்டுபவர்களுக்கு, உள்ளே ஏரியா2-வையே வைத்து மேலே முகப்பு மாட்டிய மோட்ரிக்ஸ் இருக்கிறது. வலுவற்ற இணைப்புக்கு ஏற்ற கட்டளை இது:

```
aria2c -c -x4 -s4 -m0 -t30 --retry-wait=15 \
  --file-allocation=none \
  https://releases.ubuntu.com/22.04/ubuntu-22.04.5-desktop-amd64.iso
```

விண்டோஸில் அந்தச் சாய்கோடுகளை விட்டுவிட்டு ஒரே வரியாக அடிக்க வேண்டும். `-c` என்பது விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வது. `-x4 -s4` நான்கு பங்கு, நான்கு இணைப்பு. `-m0` எத்தனை முறை தோற்றாலும் மறுபடி முயலச் சொல்வது. இதைப் போடாவிட்டால் ஐந்து முறையோடு நிரல் கைவிட்டுவிடும், நம் ஊர் நெட்டுக்கு ஐந்து முறை எந்த மூலைக்கு? `-t30` முப்பது விநாடி பைட் வராவிட்டால் இணைப்பைச் செத்ததாக எண்ணச் சொல்வது. `--retry-wait=15` அடுத்த முயற்சிக்கு முன் பதினைந்து விநாடி இடைவெளி. கடைசி வரியில் உள்ள `none`, இறக்கத் தொடங்கும் முன் டிஸ்கில் முழு இடத்தையும் பிடித்துவைக்கும் வழக்கத்தைத் தவிர்க்க. பழைய ஹார்ட் டிஸ்குகளில் அந்த இடம்பிடிக்கும் வேலைக்கே சில நிமிடம் ஆகி, டவுன்லோடு உறைந்துவிட்டதோ என்று பயமுறுத்தும்.

அன்றைய 1.5 ஜிபி தீரப்போகிறது என்று குறுஞ்செய்தி வந்ததும் Ctrl, C இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஏரியா2 கணக்கை எழுதிவிட்டு ஒழுங்காக வெளியேறும். 64 கிலோபிட் வேகத்தில் அதை ஓடவிடுவதில் லாபமில்லை. நான்கு இணைப்புகளும் ஆளுக்கு விநாடிக்கு 2 கிலோபைட் பெற்றுத் திணறும். மறுநாள் டேட்டா புதுப்பிக்கப்பட்டதும் அதே ஃபோல்டரில் அதே கட்டளையை அடித்தால் போதும். நெட் அடியோடு போய், சர்வரின் பெயரைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாத நேரத்தில், எவ்வளவு முறை முயலச் சொல்லியிருந்தாலும் நிரல் பிழை காட்டி வெளியேறிவிடுவது உண்டு. அப்போதும் மருந்து இதேதான்.

நான்கு இணைப்பு எதற்கு, பதினாறு போட்டால் என்ன என்ற கேள்வி எழும். ஏரியா2 ஒரு சர்வருக்குப் பதினாறு வரையும் ஐடிஎம் 32 வரையும் அனுமதிக்கின்றன. ஒரு தடம் பாக்கெட்டுகளை அவ்வப்போது தவறவிடும் இணைப்பாக இருந்தால், ஒவ்வொரு தவறலின்போதும் அந்த இணைப்பு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் ஏறும். நான்கில் ஒன்று தடுக்கி விழுந்தாலும் மற்ற மூன்றும் ஓடுகின்றன; அதுதான் ஆதாயம். ஆனால் தடையே ஃபோனுக்கும் டவருக்கும் இடையில் இருந்தால், அங்கே கிடைக்கும் 2 மெகாபிட்டைப் பதினாறாகப் பங்கிட்டாலும் கூட்டினால் அதே 2 மெகாபிட்தான். ஒவ்வொரு பங்கும் மெலிந்து, காத்திருப்பு நேரம் தாண்டி, வெட்டி ஒட்டும் வேலைதான் கூடும். இன்னொன்று, மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்புதான் என்று சர்வர் வரம்பு வைத்திருந்தால், முகம் தெரியாத அடுத்த தெருக்காரரின் இணைப்பும் அந்தக் கணக்கில் சேரும். விளைவு, 403 அல்லது 503 என்ற மறுப்பு. வலுவற்ற நெட்டுக்கு இரண்டிலிருந்து நான்கு என்பது சரியான அளவு.

403 என்ற எண்ணுக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதுதான் அதிகம் காணப்படுவது. மென்பொருள், பாட வீடியோ, தேர்வுத் தளங்களின் பெரிய ஃபைல்கள் பலவற்றின் முகவரி தற்காலிகமானது. கேள்விக்குறிக்குப் பிறகு நீண்ட எழுத்துச் சரம் இருக்கும். அதற்குள் காலாவதி நேரமும் ஒளிந்திருக்கும். அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் இருப்பது என்றால் `X-Amz-Expires=3600` போன்ற ஒன்று கண்ணில் படும். 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். அதற்குமேல் புது இணைப்பு போட முயன்றால் சர்வர் உள்ளே விடாது. நேற்றுவரை 206 தந்த சர்வர் இன்று 403 தந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இறங்கிய பகுதி கெட்டுவிடவில்லை. அதே பக்கத்துக்கு மறுபடி போய், மறுபடி லாகின் செய்து, புது முகவரியைப் பழைய டவுன்லோடுக்குக் கொடுத்தால் தொடரும். ஐடிஎம்மில் அந்த டவுன்லோடின் மேல் ரைட் கிளிக் செய்தால் `Refresh download address` என்று இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஏரியா2-வில் புது முகவரியோடு, `-o` போட்டுப் பழைய ஃபைல் பெயரையே கொடுத்தால் சரி.

சில கோளாறுகள் நெட்டைச் சேர்ந்தவையே அல்ல. 476 கோடியில் சரியாக 429 கோடி பைட்டைத் தொட்டதும் நிற்கிறது, எத்தனை முறை தொடர்ந்தாலும் அங்கேயே நிற்கிறது என்றால் சர்வரையும் சிக்னலையும் விட்டுவிட்டு, எதில் இறக்குகிறோம் என்று பார்க்க வேண்டும். பழைய பென் டிரைவ்களும் மெமரி கார்டுகளும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. 64 ஜிபி காலியாக இருந்தாலும் இதே கதைதான். மூன்று நாள் இறக்கி நான்காம் நாள் இதைக் கண்டுபிடிப்பதைவிட, முதலிலேயே லேப்டாப்பின் உள் டிஸ்கில் இறக்குவது மேல்.

லாட்ஜ், பஸ் ஸ்டாண்டு வைஃபைகளில் வேறொரு கூத்து. நேரம் முடிந்ததும் எந்த முகவரியைக் கேட்டாலும் லாகின் பக்கத்தைத் திருப்பித் தருவார்கள். முகவரி `http://` என்று தொடங்கினால், மேனேஜர் அந்தப் பக்கத்தையே ஃபைல் என்று நம்பி வாங்கிக்கொள்ளக்கூடும். நூறு எம்பி ஃபைல் சில கிலோபைட்டில் 'வெற்றிகரமாக' முடிந்துவிடும். அதை நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே `<html` தெரியும். `https://` முகவரிகளில் இப்படி நடுவில் புக முடியாது; சான்றிதழ்ப் பிழை வந்து நின்றுவிடும். நிற்பது நல்லது.

பிரவுசரில் ஏற்கெனவே பாதி இறக்கிவிட்டவர், அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் அரைகுறை ஃபைலை `.part` என்ற முடிவோடும், குரோம் `.crdownload` என்ற முடிவோடும் வைத்திருக்கும். பிரவுசரில் 'கேன்சல்' அழுத்தினால் அது அழிந்துவிடும். ஆகவே முதலில் 'பாஸ்' செய்து, அந்த ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்து, நகலின் பெயரை `ubuntu-22.04.5-desktop-amd64.iso` என்று மாற்றி, அங்கிருந்து மேலே சொன்ன கட்டளையை அடிக்கலாம். கணக்கு ஃபைல் இல்லாவிட்டாலும், முதலிலிருந்து வரிசையாக எழுதப்பட்டது என்று எடுத்துக்கொண்டு, நீளத்தைப் பார்த்து `-c` அங்கிருந்து தொடரும். பிரவுசர் ஒரே இணைப்பில் வரிசையாக இறக்கியிருந்தால் மட்டுமே இது செல்லும். இன்னொரு மேனேஜர் பங்கு பிரித்து இறக்கிய ஃபைலை இப்படிக் கொடுத்தால் நடுவில் இருக்கும் வெற்றிடங்கள் அப்படியே தங்கிவிடும்.

நான்கு நாள், பல அறுபடல், ஒரு பிரவுசரிலிருந்து இன்னொரு நிரலுக்கு இடமாற்றம். இப்படி வந்துசேர்ந்த ஃபைல் உண்மையிலேயே சரியாக இருக்கிறதா? நீளம் சரியாக இருப்பது போதாது என்பதை வெற்றிடக் கதையிலேயே பார்த்தோம். உபுண்டு ஃபைல் இருக்கும் அதே பக்கத்தில் `SHA256SUMS` என்று ஒரு சிறு ஃபைல் இருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் எதிரே 64 எழுத்துகள் கொண்ட சரம். ஃபைலில் ஒரே ஒரு பைட் மாறினாலும் இந்தச் சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். விண்டோஸில் இதை அடித்தால் இறக்கிய ஃபைலின் சரம் கிடைக்கும்:

```
certutil -hashfile ubuntu-22.04.5-desktop-amd64.iso SHA256
```

லினக்ஸில் `sha256sum` என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுத்தால் போதும். இரண்டு சரமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலானோர் செய்வது, பெருமூச்சு விட்டு, ஃபைலை அழித்து, முதலிலிருந்து இறக்குவது. அந்தச் சரம் 'கெட்டுவிட்டது' என்று மட்டும்தான் சொல்லும், எங்கே என்று சொல்லாது என்பதால் வேறு வழி இல்லை என்றே தோன்றும். வழி இருக்கிறது. உபுண்டு போன்ற திட்டங்கள் அதே ஃபைலுக்கு டொரன்ட் ஃபைலும் வெளியிடுகின்றன. டொரன்ட் ஃபைலுக்குள், முழு ஃபைலையும் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிச் சரிபார்ப்புச் சரம் எழுதப்பட்டிருக்கும். கெட்ட ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் நின்று இந்தக் கட்டளையை அடித்தால், ஏரியா2 முதலில் டிஸ்கில் இருப்பதைத் துண்டு துண்டாகச் சோதிக்கும்:

```
aria2c -V --seed-time=0 \
  https://releases.ubuntu.com/22.04/ubuntu-22.04.5-desktop-amd64.iso.torrent
```

`-V` என்பது சோதிக்கச் சொல்வது. `--seed-time=0` முடிந்ததும் மற்றவர்களுக்குப் பகிராமல் வெளியேறச் சொல்வது. ப்ரீபெய்டு டேட்டாவில் இருப்பவருக்கு இது அவசியம். பழைய லேப்டாப்பில் சோதனைக்குச் சில நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் நெட் ஏறத்தாழ செலவாகாது. சரியாக இருக்கும் துண்டுகளை அப்படியே விட்டுவிட்டு, கெட்டவற்றையும் விடுபட்டவற்றையும் மட்டும் இறக்கி அந்தந்த இடத்தில் பொருத்தும். சேதம் ஒரு சில இடங்களில் மட்டும் என்றால், 476 கோடி பைட்டில் சில எம்பி மட்டுமே மறுபடி இறங்கும், அன்றைய 1.5 ஜிபியில் மிச்சம் இருந்தாலே போதும். அதன்பின் `certutil` கட்டளையை மீண்டும் ஒரு முறை ஓட்டிச் சரத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.